மாமா சொன்ன ஆளை வேலைக்கு வைக்க முடியாதபோது: சிறு வியாபாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைப் பக்கத்தில் வேலைக்கான சிபாரிசு பெரும்பாலும் கடை வாசலுக்கு வருவதில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் குடும்பம் மொத்தமும் கூடியிருக்கும்போது வரும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து வரும். “மருமவனே, ஒன் ஏஜென்சியில ஆள் தேவைன்னு சொன்னாங்க. நம்ம பய சும்மாதான் இருக்கான், போட்டுக்கிடு” என்று மாமா சொல்லும்போது சுற்றிலும் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் பையன் அந்த வேலைக்குச் சரிப்பட மாட்டான் என்று உங்களுக்கும் தெரியும், பாதி நேரம் மாமாவுக்கும் தெரியும்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு சூழ்நிலைக்கு மட்டும். ஐந்து முதல் பத்துப் பேர் வரை வேலை பார்க்கும் கடை, பணம் புழங்கும் ஒரு வேலை, கேட்பவர் உங்களுக்கு நல்லது செய்த பெரியவர். எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையை வைத்தே சொல்கிறேன். அவர் அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் பிஸ்கட், சோப்பு, டீத்தூள் விநியோகம் செய்யும் ஏஜென்சி வைத்திருக்கிறார். குடோனில் இரண்டு பேர், பில் போட ஒரு பெண், வண்டி ஓட்ட ஒருவர், கடை கடையாகப் போய் ஆர்டரும் பணமும் வாங்கும் லைனுக்கு இரண்டு சேல்ஸ்மேன். அதில் ஒரு சேல்ஸ்மேன் நின்றுவிட்டார். ஏஜென்சி தொடங்கும்போது வட்டியில்லாமல் 3 லட்சம் கொடுத்த தாய்மாமா, தன் இளைய மகனை அந்த இடத்தில் வைக்கச் சொன்னார். பையனுக்கு வயது 26, டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து வீட்டிலேயே இருந்தான்.

கேட்ட இடத்திலேயே பதில் சொல்ல வேண்டாம், ஆனால் நாள் சொல்லுங்கள்

கூட்டத்தில் “முடியாது” என்று சொன்னால் பெரியவருக்கு அவமானம். “பார்க்கலாம் மாமா” என்று சொல்லிவிட்டு நழுவினால், அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். அன்று இரவே வீட்டில் போய், “பேசியாச்சு, அடுத்த மாசம் சேந்துருவான்” என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் மறுத்தால், வேலை தராதவர் என்ற பேரோடு சொன்ன சொல் மாறியவர் என்ற பேரும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் ஒரு கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள். “மாமா, இங்க வச்சுப் பேசுத விஷயமில்ல இது. ஞாயித்துக்கெழம காலையில வீட்டுக்கு வாரேன், வந்து சொல்லுதேன்.” இதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பதில் உண்டு, நேரில் உண்டு, இன்ன நாளில் உண்டு என்பது மட்டும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். மறுப்பால் முறிந்த உறவைவிட, மூன்று மாதம் பதில் சொல்லாமல் இழுத்ததால் முறிந்த உறவுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேட்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள்

அந்த ஒரு வாரத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. வேலை கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது உங்கள் கடை வேலையாக இல்லாமல் இருக்கலாம். பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள், “மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?” என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் தேவைப்படும். வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் தினமும் சண்டை நடக்கும், அவனைப் பகல் முழுக்க எங்காவது அனுப்ப வேண்டியிருக்கும். கடன் இருக்கலாம். கூட்டாளிகள் சரியில்லை என்ற கவலை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

இதைத் தெரிந்துகொள்ளச் சரியான ஆள் அந்தப் பையன்தான். பெரியவரைத் தாண்டி அவனிடம் நேராகப் பேசுவது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். சம்பளம் வாங்கப் போகிறவனிடம் பேசாமல் அவன் சம்பளத்தைப் பற்றி இரண்டு பெரியவர்கள் முடிவெடுப்பதுதான் தவறு. டீக்கடையில் உட்கார வைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த வேலை என்னவென்று தெரியுமா, நீயாகக் கேட்டாயா, முந்தைய வேலையை எதனால் விட்டாய்.

அம்பை நண்பர் அப்படித்தான் கேட்டார். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அத்தான், கடை கடையாப் போயி ரூவா கேக்கது எனக்கு வராது. அப்பாதான் போகச் சொல்லுதாங்க” என்றான். மெஷின் வேலை என்றால் போவேன் என்றான். ஒரு இடத்தில் பெண் பேசி முடியும் நிலையில் இருந்தது, பெண் வீட்டார் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாமாவின் அவசரம் எதனால் என்று புரிந்துவிட்டது.

வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

ஆளைப் பற்றி எழுத வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும். நண்பர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. திங்கள் முதல் சனி வரை ஆறு லைன்: கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, விக்கிரமசிங்கபுரம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு லைனில் சுமார் 35 கடை. போன வாரப் பில்லுக்குப் பணம் வாங்கி, இந்த வார ஆர்டர் எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 40,000 ரூபாய் வரை ரொக்கம் கையில் வரும். இரவு 7 மணிக்குப் பில்லையும் ரொக்கத்தையும் ஒப்படைத்துக் கணக்கு முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். இரு சக்கர வாகன லைசென்ஸ் வேண்டும்.

இந்தத் தாளில் அடுத்ததாக ஒரு கணக்குப் போடுங்கள். வேலை தவறினால் எவ்வளவு போகும்? ஏஜென்சிக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வசூலில் 10,000 ரூபாய் குறைந்தால், அந்தப் பத்தாயிரத்தை மறுபடி சம்பாதிக்க 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அதுவும் சம்பளம், டீசல், வாடகை எதையும் கழிக்காமல். ஒரு லைனுக்கு ஒரு வாரம் போகாவிட்டால் அந்த 35 கடைக்காரர்களும் வேறு ஏஜென்சியிடம் சரக்கு எடுத்துவிடுவார்கள், பழைய பாக்கியும் ஒரு வாரம் தள்ளிப்போகும். உங்கள் தொழில் வேறாக இருந்தால் கணக்கும் வேறு. ஹோட்டல் என்றால் மாஸ்டர் வராத ஒரு காலையில் எத்தனை இட்லி போகும், பிரஸ் என்றால் தவறாக அடித்த ஒரு வேலைக்குப் பேப்பர் எவ்வளவு போகும் என்று போடுங்கள்.

இந்தக் கணக்கு முதலில் உங்களுக்காக. பாசத்தில் மனம் தடுமாறும்போது இந்த எண் உங்களைப் பிடித்து நிறுத்தும். அடுத்தபடியாக மாமாவிடம் பேசவும் உதவும். “ஒங்க மகன் சரியில்ல” என்பதற்கு அவர் சண்டைக்கு வருவார். பத்தாயிரத்துக்கு இரண்டு லட்சம் என்ற கணக்கோடு யாரும் சண்டை போட முடியாது. அவரும் வியாபாரம் அல்லது விவசாயம் பார்த்தவராகத்தான் இருப்பார்.

வீட்டில் முதலில் பேசுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. மாமா என்றால் உங்கள் அம்மாவின் உடன்பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மறுத்துவிட்டு வீடு திரும்பும் முன்பே அவர் தங்கச்சிக்குப் போன் அடித்திருப்பார். அம்மா அழுதுகொண்டு நிற்பார்: “எங்க அண்ணன் இல்லன்னா ஒனக்கு ஏஜென்சி ஏதுல?” அந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உடைந்துபோய், மறுநாள் போய்ச் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்ன பிறகு, அம்மா வழியாகக் கேட்டால் கிடைக்கும் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதனால் சனிக்கிழமையே அம்மாவிடம் தாளைக் காட்டிச் சொல்லுங்கள். பையன் என்ன சொன்னான் என்பதையும், அவன் அனுமதித்த அளவுக்குச் சொல்லுங்கள். நீங்கள் வேறு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அண்ணனிடமிருந்து முதலில் கேட்கும் நிலைமை அவருக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். கடையில் உங்கள் மனைவிக்கோ தம்பிக்கோ பங்கு இருந்தால் அவர்களிடமும் இதே பதிலைப் பேசி வையுங்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பதில் போனால் மென்மையான பதிலைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய கடனையும் இந்த வேலையையும் பிரித்து வையுங்கள்

மாமா கொடுத்த 3 லட்சத்தை நண்பர் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், நம்பிக் கொடுத்த கைக்கு நன்றி பாக்கி இருந்தது. அது உண்மையான கடன், அதை மறுக்கக் கூடாது. ஆனால் அதை அடைக்கும் வழி கடையின் வசூல் பையாக இருக்க முடியாது. அந்தப் பையில் மற்ற ஐந்து பேரின் சம்பளமும் இருக்கிறது.

உங்களுக்கு இன்னும் பணப் பாக்கி இருந்தால், மறுப்பதற்கு முன்பே அதற்கு ஒரு தவணை சொல்லி ஒன்றிரண்டு மாதம் கட்டத் தொடங்கிவிடுங்கள். வேலை இல்லை என்று சொல்லும் அதே நாளில் மொத்தப் பணத்தையும் கொண்டுபோய் வைக்க வேண்டாம். “கணக்கைத் தீர்த்துக்கிட்டான், இனி நாம வேண்டாம்” என்றுதான் அது படும்.

நன்றிக்கு வேறு வழி தேடுங்கள். நண்பருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பழக்கக்காரர் இருந்தார். பையனின் சர்டிபிகேட்டை வாங்கி அனுப்பி, நேர்முகத்துக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்தார். நண்பரால் ஆனது அவ்வளவுதான், வேலை கிடைப்பது பையன் கையில். உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையமான tnprivatejobs.tn.gov.in தளத்தில் பையனை உட்கார வைத்துப் பதிவு செய்து கொடுக்கலாம். படிப்பு குறைவு என்றால் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் சேர்க்கை எப்போது என்று விசாரித்துக் கட்டணத்தை நீங்கள் ஏற்கலாம். உங்களால் நிச்சயம் முடிந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். “நாலு எடத்துல சொல்லி வைக்கேன்” என்று சொல்லிவிட்டு ஒரு இடத்திலும் சொல்லாமல் இருப்பது, வேலை மறுத்ததைவிடப் பெரிய துரோகமாக நினைவில் நிற்கும்.

மறுப்பைச் சொல்லும் விதம்

நேரில் போங்கள், அவர் வீட்டுக்கே போங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் கூடவே கூடாது. அத்தை, பையன், அக்கம்பக்கத்தார் யாரும் இல்லாத இடத்தில் அவரோடு தனியாக உட்காருங்கள். மற்ற கதைகள் பேசி, காபி குடித்து, கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லாதீர்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு அவர் பேச நேரம் இருக்கும்.

நண்பர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “மாமா, ஒங்க பேச்சத் தட்டுதேன்னு நெனச்சிராதீங்க. இந்த லைன் வேலைக்குத் தம்பியப் போட முடியாது. தெனமும் நாப்பதாயிரம் ரொக்கம் கையில வார வேல. பத்தாயிரம் கொறஞ்சா நான் ரெண்டு லச்சத்துக்குச் சரக்கு விக்கணும். நாளைக்கு ஒண்ணு கொறஞ்சா நான் அவன்கிட்டக் கேக்கணும், அப்புறம் ஒங்ககிட்ட வரணும். அது நமக்குள்ள வேண்டாம். அவன் படிச்ச படிப்புக்குக் கங்கைகொண்டான்ல ஒரு எடம் சொல்லிருக்கேன். புதன்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்.”

இதில் முடிவு முதலில் வந்துவிடுகிறது, காரணம் வேலையின் மேல் நிற்கிறது, உதவிக்குக் கிழமை இருக்கிறது. பையன் டீக்கடையில் சொன்னதை நண்பர் ஒரு வார்த்தையும் வெளியே விடவில்லை. “அவனுக்கே விருப்பமில்ல மாமா” என்று சொல்லித் தப்பிப்பது எளிது. அன்று இரவு அந்தப் பையன் வீட்டில் என்ன பாடு பட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

பொய்க் காரணம் சொல்லாதீர்கள். “இப்ப ஆளே எடுக்கல” என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் புது ஆள் கல்லிடைக்குறிச்சி லைனில் பில் புத்தகத்தோடு நின்றால், அன்று மாலைக்குள் மாமாவுக்குச் செய்தி போய்விடும். மேனேஜர் மேலும், கம்பெனி மேலும் பழி போட வேண்டாம். கடை உங்களுடையது என்று அவருக்குத் தெரியும்.

மாமா உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். “ஒரு மாசம் வச்சுத்தான் பாரேன்” என்பார். இங்கேதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும் இந்தப் பேச்சுக்கு இணங்கினால், இன்று ஒரு வீட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய மறுப்பை, ஒரு மாதம் கழித்து ஊருக்கே தெரியும்படி சொல்ல வேண்டி வரும். சேர்க்காத ஆளின் அப்பா ஒரு கொடை வரைக்கும் கோபமாக இருப்பார். வேலையை விட்டு அனுப்பிய ஆளின் அப்பா பல வருஷம் பேச மாட்டார், அதுவும் பெண் பேசும் நேரத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். “வச்சுப் பாத்துட்டு அனுப்புனா அவனுக்குத்தான் மாமா கேவலம்” என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பக் கேட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். புதுப்புதுக் காரணம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் சொல்லிக்கொண்டே போவார்.

சேர்த்தே ஆக வேண்டிய நிலை என்றால்

சில நேரம் மறுக்கவே முடியாது. கடைக் கட்டிடம் பெரியப்பா பேரில் இருக்கும், பேங்க் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்போது ஆளைச் சேருங்கள், ஆனால் அவர் கேட்ட இடத்தில் சேர்க்காதீர்கள். ரொக்கம், செக் புத்தகம், குடோன் சாவி மூன்றும் கைக்கு வராத ஒரு வேலை பாருங்கள். லோடு இறங்கும்போது பெட்டி எண்ணுவது, டேமேஜ் சரக்கைப் பிரித்து எழுதுவது போன்றவை. அதே வேலையைப் பார்க்கும் மற்றவருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் குடோனில் இருக்கும் பழைய ஆள் அன்றே வேறு கடையில் விசாரிக்கத் தொடங்குவார்.

சேரும் முன் பெரியவரையும் பையனையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: என்ன வேலை, எத்தனை மணிக்கு வர வேண்டும், யார் சொல்வதைக் கேட்க வேண்டும், வைத்துப் பார்க்கும் காலம் மூன்று மாதம், முடியும் தேதி இன்னது. கடை விஷயத்தை வீட்டு வழியாகப் பேசுவதில்லை என்ற ஒரு வரியும் இருக்கட்டும். அவனுக்கு மேல் இருப்பவரிடம், “எங்க மாமா மகன்னு பாக்காதீங்க, மத்தவங்களைச் சொல்லுத மாதிரியே சொல்லுங்க” என்று அவன் எதிரிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த மூன்று மாதத் தேதியை விட்டுவிடாதீர்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று அனுப்புவதானால் முறையாக விசாரித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் மேல்முறையீடும் செய்யலாம். சொந்தக்காரர்தானே என்று யாரும் இதை நினைப்பதில்லை, பிரச்சினை வரும்போதுதான் தெரியும்.

சரியில்லை என்பது முதலில் கணக்கில் தெரியாது. பழைய ஆட்கள் உங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள். அவன் வராத நாளில் யாரோ அவன் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருப்பார்கள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். டேமேஜ் கணக்கு மட்டும் கூடும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மாத முடிவு வரை காத்திருக்காமல், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். என்ன நடந்தது, அவனிடம் என்ன சொன்னீர்கள், இரண்டும் இருக்கட்டும். மூன்று மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த நோட்டை முதலில் அவனிடம் காட்டிப் பேசுங்கள், பிறகு பெரியவரிடம். தானாக வேறு இடம் பார்த்துப் போக விரும்பினால் அதற்கு இடம் கொடுங்கள்.

புது ஆளைச் சேர்க்கும்போது

மறுத்த பிறகு பாதிப் பேர் மாமா வீட்டுப் பக்கமே போக மாட்டார்கள். குற்ற உணர்ச்சியில் ஒதுங்குவதை, திமிரில் ஒதுங்குவதாகத்தான் அங்கே பார்ப்பார்கள். விசேஷங்களுக்கு முன்போலவே போங்கள், செய்முறையைக் குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். மற்ற சொந்தக்காரர்கள் கேட்டால், “அது நானும் மாமாவும் பேசிக்கிட்டது” என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுக்கும்போது, அவர் லைனுக்குப் போகும் முதல் நாளுக்கு முன்பே மாமாவுக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அம்பை நண்பர் ஞாயிற்றுக்கிழமை இரவு கூப்பிட்டு, வீரவநல்லூர் ஆள் ஒருவர் நாளை முதல் வருகிறார், இன்ன ஏஜென்சியில் லைன் பார்த்தவர் என்று சொன்னார். மாமா “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பையனைப் புதன்கிழமை கங்கைகொண்டானுக்கு நண்பர்தான் தன் வண்டியில் கூட்டிப்போனார். முதல் கம்பெனியில் எடுக்கவில்லை. அடுத்த மாதம் அதே சூப்பர்வைசர் சொன்ன இன்னொரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான்.